பூட்டிக் கிடந்த மில்லில் ஓடிய மீட்டர்

கரட்டுப்பட்டியில் மாவு மில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ராசிங்காபுரத்தைத் தாண்டி தேவாரம் ரோட்டில் ஊர் முடிகிற இடத்தில், தகரக்கூரை போட்ட கட்டடம். காசிமாயனும் அவன் தம்பி பிச்சைமணியும் சேர்ந்து வைத்தது. இடமும் லைசென்சும் கரண்ட் கனெக்சனும் அண்ணன் பேரில். மெஷினை ஓட்டுவது தம்பி. காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் அரவை நடக்கும். வசூலான சில்லறையையும் அரைத்த படிகளைக் குறித்த சீட்டையும் பொழுது சாய்ந்ததும் பிச்சைமணி அண்ணன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவான். பத்து வருசமாக அப்படித்தான். சீட்டை ஒருநாள்கூடக் காசிமாயன் சரிபார்த்ததில்லை.

எண்பத்து மூன்றாம் வருச ஐப்பசியில் ஒரு இடி விழுந்தது. மில்லுக்குள் இருந்த மீட்டர் கருகிப்போயிற்று. நாலு நாள் கழித்து லைன்மேன் கன்னையன் வேறு மீட்டர் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனார். அதற்கடுத்த மாதத்திலிருந்துதான் பில் ஏறத் தொடங்கியது. மாதம் முந்நூற்றுச் சொச்சம் யூனிட் ஓடிக்கொண்டிருந்த மில்லுக்கு ஐந்நூற்று அறுபது, ஐந்நூற்று எழுபது என்று மீட்டர் அட்டையில் எழுதிவிட்டுப் போனார்கள். அரவை கூடவில்லை. அந்த வருசம் மழை பொய்த்ததில் குறைந்துதான் இருந்தது.

முதல் இரண்டு மாதம் காசிமாயன் ஒன்றும் சொல்லாமல் கட்டினான். பிறகு, "ஏண்டா, மெஷின்ல என்னமும் கோளாறா?" என்று கேட்டான். பிச்சைமணி பேரிங்கை மாற்றினான், பெல்ட்டை இறுக்கினான், கல்லைக் கொத்தினான். யூனிட் குறையவில்லை.

"மீட்டரத்தாண்ணே பாக்கச் சொல்லணும். எனக்கு அது மேலதான் சந்தேகமா இருக்கு."

"புது மீட்டருடா அது."

அதோடு அந்தப் பேச்சு நின்றது. ஆனால் காசிமாயன் மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்திருந்தான். யூனிட் ஓடியிருக்கிறது, சீட்டில் அரவை இல்லை. அப்படியென்றால் சீட்டில் ஏறாத அரவை ஒன்று நடக்கிறது. மில் சாவி யாரிடம் இருக்கிறது? தம்பியிடம். மாசியில் பிச்சைமணி பெண்டாட்டிக்கு ஒரு ஜோடி கம்மல் வாங்கிக் கொடுத்திருந்தான். அது அவள் அப்பன் வீட்டிலிருந்து வந்த ஆட்டை விற்று வாங்கியது என்பது ஊருக்கே தெரியும். காசிமாயனுக்கும் தெரியும். இருந்தாலும் அந்தக் கம்மல் அவன் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

எண்பத்து நாலு ஜூன் கடைசியில், ஒரு சனிக்கிழமை, எட்டாவது மாத பில் வந்தது. காசிமாயன் அட்டையை எடுத்துக்கொண்டு நேரே மில்லுக்குப் போனான். சாயங்கால அரவைக்குப் பத்துப் பதினைந்து பொம்பளைகள் வாளியும் தூக்குமாக வரிசையில் நின்றார்கள்.

"மெஷின நிறுத்து" என்றான்.

பிச்சைமணி நிறுத்தினான். முகமெல்லாம் மாவு. கண் மட்டும் தெரிந்தது.

"யாருக்குடா அரைக்கிற?"

"என்னண்ணே?"

"எனக்குத் தெரியாம யாருக்கு அரைச்சுக் குடுக்கிற? போடிக்கு மூட்டை போகுதா? எட்டு மாசமாப் பொறுத்துப் பாத்துட்டேன்டா."

பிச்சைமணிக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்தபோது அவன் சத்தம் போடவில்லை. "மீட்டரப் பாக்கச் சொல்லுண்ணே" என்றான், முன்பு சொன்ன அதே குரலில்.

"கெவுருமெண்டு மீட்டரு பொய் சொல்லுமா? நீ பொய் சொல்லுவியா?"

வரிசையில் நின்ற பாண்டியம்மாள் என்கிற கிழவி, "யய்யா, கூடப்பிறந்தவனப் போயி இம்புட்டுப் பேருக்கு முன்னால..." என்று ஆரம்பித்தாள். காசிமாயன் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மோட்டாரிலிருந்து பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். மெயின் சுவிட்சின் கைப்பிடியைக் கீழே இறக்கி, யாரும் ஏற்றிவிடாதபடி ஒரு சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டினான். எல்லோரையும் வெளியே போகச் சொல்லி, தன் பூட்டைப் போட்டுப் பூட்டினான்.

பிச்சைமணி விடியற்காலையில் ஜீப் ஏறிவிட்டான். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், பூப்பாறை வழியில் ஒரு ஏலக்காய் எஸ்டேட்டில் அவன் சேக்காளி ஒருவன் வேலை பார்த்தான். "கொஞ்ச நாளைக்கு அங்க சோலி பாக்குறேன். நீ இங்கயே இரு" என்று மட்டும் பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுப் போனான்.

அவன் பெண்டாட்டி செல்லக்கிளி. எட்டாம் வகுப்பு வரை படித்தவள். குழந்தை இல்லை. மில்லுக்குப் பின்னால் ஒட்டினாற்போல இருந்தது அவர்கள் வீடு. புருசன் போன பிறகு அவள் தண்ணீருக்குப் போனால் பேச்சு நின்றுபோகும். கம்மலைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். மில்லுக்குள் சிந்திக் கிடந்த மாவில் எலி புழங்க ஆரம்பித்தது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, காசிமாயன் பெண்டாட்டி ஒச்சம்மாளிடம் போய்ச் சாவியைக் கேட்டாள்.

"எலி பெருத்துப்போச்சுக்கா. கூட்டி விட்டுட்டுத் தந்துர்றேன்."

ஒச்சம்மாள் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தாள்.

கூட்டி முடித்து நிமிர்ந்தபோதுதான் செல்லக்கிளி பார்த்தாள். பலகையில் இருந்த மீட்டருக்குள், கண்ணாடிக்குப் பின்னால், அந்த அலுமினியத் தகடு சுற்றிக்கொண்டிருந்தது. மெதுவாக. தகட்டின் விளிம்பில் இருந்த கறுப்பு அடையாளம் முன்னால் வந்தது, போனது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வந்தது. அவள் மெயின் சுவிட்சைப் பார்த்தாள். கைப்பிடி கீழே இருந்தது. மூத்தார் கட்டிய சணல் முடிச்சு அப்படியே இருந்தது. பெல்ட் ஆணியில் தொங்கியது. மில்லுக்குள் ஒரு குண்டு பல்புகூட எரியவில்லை.

வீட்டுக்கு ஓடிப்போய்க் கடிகாரத்தை எடுத்து வந்தாள். ஒரு சுற்றுக்கு ஒன்றரை நிமிசம். மீட்டரின் முகப்பில் நூற்றிருபது சுற்று ஒரு யூனிட் என்று பொறித்திருந்தது. தரையில் இருந்த மாவிலேயே விரலால் கணக்குப் போட்டாள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு யூனிட். ஒரு நாளைக்கு எட்டு. மாதத்துக்கு இருநூற்று நாற்பது. பில்லில் கூடியிருந்த யூனிட்டும் அவ்வளவுதான். அவள் மோட்டார் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று காசிமாயன் தோட்டத்திலிருந்து வந்ததும் வாசலில் நின்று சொன்னாள். "மாமா, மில்லு பூட்டிக் கெடக்கு, மீட்டரு ஓடிக்கிட்டிருக்கு. ஒரு எட்டு வந்து பாருங்க."

காசிமாயன் கால் கழுவிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"ஓடுனா ஓடட்டும்."

"அவுக மேல தப்பில்ல மாமா. வந்து கண்ணால பாத்தாத் தெரியும்."

"புருசனுக்குப் பரிஞ்சு பேச வந்துட்டியாக்கும். போத்தா, போயி சோலியப் பாரு."

பார்க்க அவனுக்குப் பயம் என்பது செல்லக்கிளிக்குப் புரிந்துவிட்டது. வந்து பார்த்தால் பத்துப் பதினைந்து பேர் முன்னால் தான் பேசியதை அவன் என்ன செய்வான்? கூப்பிடு தூரத்தில் இருக்கிற மில்லுக்கு அவன் வரவே மாட்டான்.

வர மாட்டான் என்றால் மீட்டரை அவனிடம் கொண்டுபோக வேண்டும். செல்லக்கிளி போடிக்குப் பஸ் ஏறினாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அழகுமலை என்பவர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். அவளுடைய கல்யாணத்துக்குப் படம் எடுத்தவர்.

"மீட்டரையா எடுக்கணும்?" என்று அழகுமலை இரண்டு தடவை கேட்டார். கல்யாணம், காதுகுத்து, செத்த வீடு எல்லாம் எடுத்திருக்கிறார், மீட்டரை எடுத்ததில்லை. அவள் விசயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்பிடின்னா தேதி தெரியணுமேத்தா. வெறும் மீட்டர எடுத்தா, என்னைக்கு எடுத்ததுன்னு கேப்பான்."

ஜூலை ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை காலை, அவர் கேமராவோடு வந்தார். செல்லக்கிளி ஒச்சம்மாளிடம் சாவி வாங்கி மில்லைத் திறந்தாள். பிளாஷ் போட்டால் கண்ணாடியில் வெள்ளையாக அடிக்கும் என்று, கதவை அகலத் திறந்து வெளிச்சத்திலேயே எடுத்தார் அழகுமலை. மீட்டருக்குப் பக்கத்தில் அன்றைய தினசரியைத் தேதி தெரிகிற மாதிரி செல்லக்கிளி பிடித்துக்கொண்டாள். மீட்டர் நம்பரும், ஈய சீலும், எண்களும் தெரிய ஒரு படம். தள்ளி நின்று, இறக்கிக் கட்டிய மெயின் சுவிட்சும் ஆணியில் தொங்கும் பெல்ட்டும் மீட்டரும் சேர்ந்து விழ இன்னொன்று. மீட்டரில் 04588.

அடுத்த திங்கட்கிழமை மறுபடி வந்து அதே இடத்தில் நின்று அதே மாதிரி எடுத்தார். 04643. ஒச்சம்மாள் சாவியை அவளிடமே விட்டிருந்தாள். இடையில் செல்லக்கிளி தினமும் காலையிலும் சாயங்காலமும் பார்த்து ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தாள். புதன்கிழமை மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. அந்த மூன்று மணி நேரம் தகடு அசையவில்லை என்றும் எழுதியிருந்தாள். ஏழு நாளில் ஐம்பத்தைந்து யூனிட். அரைத்தது ஒரு படிகூட இல்லை.

படங்கள் கைக்கு வந்ததும், காசிமாயன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கொண்டுபோய் ஒச்சம்மாளிடம் கொடுத்தாள். ஒச்சம்மாள் அவற்றைப் புருசன் முன்னால் தரையில் பரப்பினாள்.

காசிமாயன் பிசைந்த சோற்றில் கையை வைத்தபடி குனிந்து பார்த்தான். எண்களை இரண்டாவதாகத்தான் பார்த்தான். முதலில் பார்த்தது முடிச்சை. இரண்டு படத்திலும் அவன் போட்ட சணல் முடிச்சு, அதே இரட்டைச் சுற்று, அதே தொங்கல். அதை யாரும் அவிழ்த்துக் கட்டவில்லை. கையில் சோறு காய்ந்துபோயிற்று.

"என்ன செய்யணுங்கிற?" என்று கடைசியில் கேட்டான்.

"மனு எழுதியிருக்கேன் மாமா. கனெக்சன் ஒங்க பேருல இருக்கு. நீங்கதான் கையெழுத்துப் போடணும்."

கையைக் கழுவிவிட்டு வந்து போட்டான். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒச்சம்மாள்தான் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, "வெரசாப் போயி அந்தப் புள்ளயக் கூட்டியாங்க" என்றாள்.

"எந்த மூஞ்சியோட போறது? ஊரு முன்னால பேசிப்புட்டேன். ஆபீசுல மீட்டரு தப்புன்னு எழுதிக் குடுக்கட்டும். அந்தக் காயிதத்தோட போறேன்."

செல்லக்கிளி அப்போது அதை மறுத்துப் பேசவில்லை. அப்போதே பேசியிருக்க வேண்டும் என்று பின்னால் நினைத்துக்கொண்டாள்.

கரண்ட் ஆபீஸில் ஜே.ஈ. என்கிற இளநிலைப் பொறியாளர் மனுவைப் படித்தார். படங்களைப் புரட்டினார். அவருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும்.

"ஏம்மா, போட்டோவுல மீட்டர் சுத்துறது தெரியுமா?"

"சுத்துறது தெரியாது சார். நம்பரு கூடியிருக்கிறது தெரியும்ல."

"வயரிங்ல லீக்கேஜ் இருக்கும். ஈரச் சுவரு, பழைய வயரு. கரண்ட் பூமிக்குப் போயிட்டிருக்கும். அது உங்க பொறுப்பு."

"மெயினு எறக்கிக் கெடக்கு சார். மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவுல ரெண்டடி வயருதான். அதுல ஒரு நாளைக்கு எட்டு யூனிட்டா போகும்?"

ஜே.ஈ. காசிமாயனைப் பார்த்தார். அவன் தோள் துண்டைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றான்.

"பில்லக் கட்டிட்டு மனுவக் குடுத்துட்டுப் போங்க. பாக்கலாம்."

"தப்பான பில்ல இனிமே கட்டுறதா இல்லிங்க" என்றான் காசிமாயன். அந்த ஆபீஸில் அவன் பேசியது அவ்வளவுதான். செல்லக்கிளி மனுவின் நகலை நீட்டி, பெற்றுக்கொண்டதாக முத்திரை வைத்துத் தரச் சொன்னாள். கிளார்க் முணுமுணுத்துக்கொண்டே வைத்தார்.

ஆவணியில் அவள் படங்களின் நகலை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாள். பிச்சைமணி எஸ்டேட் ஸ்டோரில், ஏலக்காய் உலர்த்துகிற அறையில் வேலை பார்த்தான். வெளியே அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். சூடு குழாய் வழியாக உள்ளே போய்த் தட்டுகளில் பரப்பிய பச்சைக் காயைக் காயவைக்கும். ஆள் இளைத்துக் கறுத்திருந்தான். புருவ முடி கருகியிருந்தது.

படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"அண்ணன் வந்து பாத்தாரா?"

"கையெழுத்துப் போட்டுட்டாக. ஆபீசுக்கும் வந்தாக."

"மீட்டர வந்து பாத்தாரான்னு கேட்டேன்."

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. பிச்சைமணி படங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். "நீ போ. வர்றப்ப வர்றேன்" என்றான். அவளை ஜீப் ஏற்றிவிட வந்தவன், ஜீப் கிளம்புமுன்பே திரும்பி நடந்துவிட்டான்.

அவள் ஊருக்கு வந்த மூன்றாம் நாள் லைன்மேன் கன்னையன் சைக்கிளில் புது மீட்டர் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். பழையதைக் கழற்றிவிட்டு இதை மாட்டச் சொல்லி உத்தரவு. செல்லக்கிளிக்குச் சந்தோசமாக இருந்தது. "அப்ப ஒத்துக்கிட்டாகளாண்ணே?"

கன்னையன் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, நான் சொன்னேன்னு சொல்லாத. மீட்டர் தப்புன்னு இதுல ஒரு எழுத்தும் இல்ல. இத நான் கழட்டிட்டுப் போனேன்னா ஸ்டோருல குப்பையோட குப்பையாக் கெடக்கும். அப்பறம் எதவச்சுப் பேசுவ? மீட்டர்ல என்ன ஓடியிருக்கோ அதான் கணக்குன்னு சொல்லிருவாக. மதுரையில எலெக்ட்ரிக்கல் இன்ஸ்பெக்டருன்னு ஒருத்தர் இருக்காரு. அவரு ஆபீசு தனி, எங்களுக்குக் கட்டுப்பட்டவரில்ல. மீட்டர் சரியா தப்பான்னு அவருதான் தீர்ப்புச் சொல்லணும். அதுவரைக்கும் இதக் கழட்ட விடாத."

பிறகு சத்தமாக, "பார்ட்டி கழட்ட விடமாட்டேங்கிறாகன்னு எழுதிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, வந்த மீட்டரோடு திரும்பிப் போனார்.

ஜே.ஈ.க்கு அது கோபத்தைக் கிளப்பியது. ஒரே வாரத்தில் பாக்கிக்கு நோட்டீஸ் வந்தது. செப்டம்பரில் வேறொரு ஆளை அனுப்பி, கரண்டை வெட்ட பீஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். தகடு நின்றுவிட்டது.

அன்று செல்லக்கிளி மீட்டருக்கு முன்னால் நின்று அழுதாள். ஓடினால்தானே தப்பென்று காட்ட முடியும்? இனி அவள் கையில் இருப்பது அந்த நாலு படங்களும் ஒரு நோட்டும்தான்.

காசிமாயனும் அவளும் போடியில் ரயிலேறி மதுரைக்குப் போனார்கள். விசாரித்து விசாரித்து அந்த ஆபீஸைக் கண்டுபிடித்தார்கள். இன்ஸ்பெக்டர் நரைத்த மீசைக்காரர். படங்களை ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்தார். மீட்டர் நம்பரையும் சீலையும் குறித்துக்கொண்டார்.

"நோட்டீஸ் வர்றதுக்கு முன்னாடி என்கிட்ட வந்திருந்தா, நான் முடிவு சொல்ற வரைக்கும் அவங்க கரண்டை வெட்டியிருக்க முடியாது" என்றார். "சரி. இன்ஸ்பெக்டர்கிட்டப் போகப் போறோம்னு அவங்களுக்கு ஏழு நாள் நோட்டீஸ் குடுங்க, பதிவுத் தபால்ல. அப்புறம் இங்க விண்ணப்பம் போடுங்க. மீட்டரை யாரும் தொடக் கூடாது."

எல்லாம் செய்தார்கள். ஒப்புகை அட்டை வந்தது. விண்ணப்பம் போட்டார்கள். பிறகு ஒன்றும் நடக்கவில்லை. ஐப்பசி போனது, கார்த்திகை போனது. மில்லில்லாமல் பொம்பளைகள் ராசிங்காபுரத்துக்கு நடந்தார்கள். தம்பி திருடியதால்தான் கரண்டையே வெட்டிவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு ஆயிற்று. செல்லக்கிளி ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லவா முடியும்? மலைக்கு நாலு கடுதாசி போட்டாள். மாதாமாதம் மணியார்டர் வந்தது. அதன் அடியில் எழுத விட்டிருக்கும் இடம் காலியாகவே இருந்தது.

"மாமா, ஒரு தடவ மேல போயிட்டு வாங்க" என்று கார்த்திகையில் கேட்டாள்.

"காயிதம் வரட்டும்த்தா. காயிதத்தக் காட்டுனாத்தான் அவனுக்கும் மரியாதை, எனக்கும் மரியாதை."

தை பிறந்த பிறகு இன்ஸ்பெக்டர் பெட்டியோடு ஜீப்பில் வந்தார். ஜே.ஈ.யும் கன்னையனும் வந்தார்கள். சோதனைக்காக பீஸ் கட்டையைத் திரும்பப் போடச் சொன்னார். அவர் சீலைப் பார்த்து, படத்தோடு ஒத்துப் பார்த்தார். மெயின் சுவிட்ச் இறங்கியிருப்பதைப் பார்த்து, மீட்டரிலிருந்து வெளியே போகிற வயரையும் கழற்றச் சொன்னார். கையில் ஸ்டாப் வாட்சை எடுத்துக்கொண்டு மீட்டர் முன்னால் நின்றார்.

காசிமாயன் அவருக்குப் பின்னால் நின்றான். அன்றுதான் அவன் அதை முதல்முறையாகப் பார்க்கிறான். அசையாமல் இருந்த தகடு லேசாக நடுங்கி, நகர்ந்து, கறுப்பு அடையாளத்தைத் தூக்கிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. வெளியே எந்த வயரும் போகாத மீட்டர். அது பாட்டுக்கு ஓடியது.

"க்ரீப் ஆகுது" என்றார் இன்ஸ்பெக்டர் ஜே.ஈ.யிடம். "லோடே இல்ல, ஒன்றரை நிமிசத்துக்கு ஒரு சுத்து. இதைப் பாக்கவா உங்களுக்கு ஆறு மாசம்?" ஜே.ஈ. தரையைப் பார்த்தார்.

பெட்டியிலிருந்து தன் மீட்டரை எடுத்து இணைத்து, மெஷினையும் ஓடவிட்டு அளந்தார். எல்லாம் முடிந்ததும் நோட்டைக் கேட்டு வாங்கி, "யார் எழுதினது?" என்றார். செல்லக்கிளி நான்தான் என்றாள். "நல்லா எழுதியிருக்கே" என்று அதன் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.

காசிமாயன் அதற்குள் வெளியே போய்விட்டான். மில்லுக்குப் பின்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவனை ஒச்சம்மாள் போய்க் கூட்டிவந்தாள்.

உத்தரவு மாசிக் கடைசியில் வந்தது. மீட்டர் பிழையானது, தகராறுக்குரிய காலத்தில் ஆறு மாதத்துக்கு, பழைய சராசரிப்படி கணக்கிட வேண்டும், அதிகம் கட்டிய தொகையை வரும் பில்களில் கழித்துக்கொள்ள வேண்டும். எட்டு மாதம் தப்பாக ஓடியிருந்தாலும் சட்டம் ஆறு மாதத்துக்குமேல் இடம் கொடுக்கவில்லை. வேறு மீட்டரும் பீஸ் கட்டையும் மாட்டினார்கள்.

மறுநாளே காசிமாயன் உத்தரவை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு மலைக்குக் கிளம்பினான். செல்லக்கிளியும் கூடப் போனாள். ஸ்டோர் வாசலில் வாட்ச்மேன், "பிச்சைமணிச் சேட்டனைப் பாக்கணுமா? அடுப்படியில உண்டு" என்று கையைக் காட்டினான்.

பிச்சைமணி விறகு தள்ளிக்கொண்டிருந்தான். அண்ணனைப் பார்த்ததும் எழுந்து நின்று, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான். காசிமாயன் காகிதத்தை நீட்டினான்.

"படிச்சுப் பாருடா. மீட்டருதான் தப்பு. நீ சொன்னதுதான் சரி. மதுரை ஆபீசர் எழுதிக் குடுத்திருக்காரு."

பிச்சைமணி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான். மேலிருந்து கீழ்வரை படித்தான். முழுசாகப் படித்தான்.

"இது எப்ப வந்துச்சு?"

"நேத்துத்தான்."

"போட்டோ எடுத்தது ஆடிக்கு முன்னாலண்ணே."

காசிமாயன் அடுப்புப் பக்கம் திரும்பினான்.

"அத நீ பாத்திட்ட. பாத்து, தப்பு ஒன் மேலன்னு தெரிஞ்சும் எட்டு மாசம் இந்தக் காயிதத்துக்குக் காத்துக்கிட்டு இருந்திருக்க. நான் தெனமும் ஜீப்பு வர்ற சத்தம் கேட்டா எட்டிப் பாப்பேன். ஒரு நா வருவேன்னு நெனச்சேன். இந்தக் காயிதம் இல்லாம வந்திருந்தா, மறுவார்த்த பேசாம ஒங் கூட வந்திருப்பேண்ணே."

"தப்புத்தான்டா. வாடா போவோம். மில்ல நீயே வச்சுக்க. ஒன் பேருக்கே எழுதிர்றேன்."

"மில்லு வேணாம்ணே. நாளைக்கு வேற என்னமும் ஒண்ணு கணக்குல இடிக்கும். அப்பயும் நீ என்னத்தான் பாப்ப. அதுக்கும் ஒருத்தர் மதுரையில இருந்து வரணும்."

அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் காசிமாயனுக்குத் தாங்கவில்லை. பிச்சைமணி அண்ணனுக்குக் கட்டங்காப்பி வாங்கிவந்து கொடுத்தான், பிள்ளைகளை விசாரித்தான், பஸ்சுக்கு நேரமாகிறதென்று எழுப்பிவிட்டான். காசிமாயன் போகும்போது உத்தரவை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டான். செல்லக்கிளிதான் பின்னால் ஓடிப்போய்க் கொடுத்தாள்.

பங்குனி முடிவதற்குள் செல்லக்கிளி பாத்திரம் பண்டங்களைக் கட்டிக்கொண்டு மலைக்கே போய்விட்டாள். ஒச்சம்மாள் ஜீப் வரைக்கும் வந்து, கிளம்பும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

காசிமாயன் கொஞ்ச நாள் மில்லைத் தானே ஓட்டிப் பார்த்தான். மாவு ஒருநாள் கரகரவென்று கப்பியாக விழுந்தது, ஒருநாள் கருகியது. உத்தரவைக் காட்டி, தம்பி திருடவில்லை என்று அரைக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். தலையாட்டிவிட்டுப் போனார்கள். பழகிப்போய் ராசிங்காபுரத்துக்கே நடந்தார்கள். வைகாசியில் மில்லைப் பூட்டினான்.

திரும்பி வர வேண்டிய தொகை மீட்டர் அட்டையில் வரவாக ஏறியிருந்தது. அதைக் கையில் கொடுங்கள் என்று கேட்டதற்கு, பில்லில்தான் கழியும், மில்லை ஓட்டுங்கள் என்றார்கள். மில் ஓடவில்லை. ஓடாவிட்டாலும் கனெக்சன் இருக்கிற வரைக்கும் குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்று உண்டு. மாதாமாதம் ஆள் வந்து, புது மீட்டரைப் பார்த்து, போன மாத எண்ணையே மறுபடி எழுதி, அந்தக் கட்டணத்தை வரவிலிருந்து கழித்துவிட்டுப் போனார். ஒன்றே முக்கால் வருசத்தில் அது முழுவதும் கரைந்தது.

அதன் பிறகு காசிமாயன் கனெக்சனைத் துண்டிக்கச் சொல்லி ஒரு மனு எழுதினான். அவனுக்கு எழுத்து அவ்வளவாக வராது. மூன்று தடவை கிழித்துப்போட்டு எழுதினான். கன்னையன்தான் வந்து மீட்டரைக் கழற்றினார். கழற்றும்போது, "தம்பி சொகமா இருக்காப்லயா?" என்று கேட்டார்.

"இருக்கானாம்" என்றான் காசிமாயன்.